பயிற்சிப் பட்டறைக்குத் தொடக்க உரை: வீடியோ தலைப்பு பற்றி எங்கிருந்து பேச ஆரம்பிப்பது?

வாய்க்கால்மேடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நூலகக் கட்டடத்தில் ஒரு நாள் பயிற்சி நடக்கிறது. ஆனைமலையைச் சுற்றியுள்ள ஐந்தாறு ஊர்களிலிருந்து 23 பேர் வருகிறார்கள், எல்லாரும் 18 முதல் 25 வயதுக்குள். பாதிப் பேர் ஏற்கெனவே யூடியூபில் ஏதாவது போட்டுக்கொண்டிருப்பவர்கள். தோப்பு வேலை, மாடு, சமையல், கோயில் நோன்பி, ஒரு பையன் டிராக்டர் ரிப்பேர். வீடியோ எடுக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, என்னைவிட நன்றாகவே எடுக்கிறார்கள். கோளாறெல்லாம் தலைப்பிலும் அதற்குக் கீழே எழுதும் விவரத்திலும்தான். ஒன்று, யார் தேடினாலும் கிடைக்காத தலைப்பு: "நம்ம ஊரு ஸ்பெஷல் பார்ட் 4". இல்லாவிட்டால் பச்சைப் பொய்: "இதை மட்டும் செய்யாதீங்க, மரமே செத்துடும்".

20 நிமிடத் தொடக்க உரை என் தலையில் விழுந்திருக்கிறது. எழுதி வைத்திருக்கும் ஆரம்பம் இது:

"இணையம் என்பது ஒரு பெருங்கடல். அந்தக் கடலில் நம் கிராமத்தின் குரல் கரை சேர வேண்டும் என்றால் தலைப்பு என்னும் துடுப்பு வேண்டும். உண்மை என்னும் பாய்மரம் வேண்டும்..."

இதே ரீதியில் மூன்று பத்தி போகிறது. அப்புறம் விதிகள்: தலைப்பு 100 எழுத்து வரை, விவரம் 5000 எழுத்து வரை, இத்யாதி. படித்துவிட்டுச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

---

ஈரக்கை

திட்டத்தான் போகிறேன் தம்பி. கடல், துடுப்பு, பாய்மரம் மூன்றையும் கிழித்துப் போடுங்கள். 20 வயதுப் பையன் துடுப்பு என்கிற இடத்திலேயே போனை எடுத்துவிடுவான்.

அவன் போனை எடுக்கத்தான் போகிறான் என்றால் நீங்களே எடுக்கச் சொல்லுங்கள். நான் ஆறு வருடமாக விவசாய வீடியோ போடுகிறேன், இரண்டு இடத்தில் இப்படிப் பயிற்சியும் எடுத்திருக்கிறேன். வணக்கம் சொன்ன கையோடு ஒரு காய்ந்த ஓலையோ பூச்சி அரித்த கத்தரிக்காயோ கையில் தூக்கிக் காட்டுவேன். "இது உங்கள் தோட்டத்தில் வந்திருக்கிறது. பெயர் தெரியாது. யூடியூபில் தேடுங்கள். என்ன டைப் செய்தீர்களோ அதை அப்படியே இந்தத் தாளில் எழுதிக் கொடுங்கள்." இவ்வளவுதான். தாள்களை வாங்கிச் சத்தமாகப் படித்தால் பாதி உரை முடிந்த மாதிரி.

போன தடவை 19 தாள் வந்தது. பூச்சியின் சரியான பெயரை எழுதியவர் இரண்டே பேர், அதில் ஒருத்தர் வேளாண்மைப் படிப்பு. மற்ற எல்லாரும் கண்ணில் தெரிந்ததை எழுதியிருந்தார்கள். "கத்தரிக்காய் ஓட்டை", `kathirikai puzhu marunthu`, "கத்தரி செடி நுனி வாடுது". அதே ஆட்களிடம் அவர்களுடைய வீடியோ தலைப்புகளைக் காட்டினால் இந்த வார்த்தை ஒன்றுகூட இருக்காது. தேடும்போது ஒரு வாய், தலைப்பு எழுதும்போது வேறு வாய். உங்கள் உரையில் சொல்ல வேண்டியதே இந்த ஒரு விஷயம்தான் என்பது என் கட்சி. 100 எழுத்து, 5000 எழுத்து எல்லாம் மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம்.

---

டெக்மாப்ள

அக்கா சொல்வது சரிதான், ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டார். டேக். யூடியூபில் டேக் பெட்டியில் 500 எழுத்து வரை போடலாம். அதை முழுசாக நிரப்பினால்தான் தேடலில் மேலே வரும். என் சேனலில் ஒவ்வொரு வீடியோவுக்கும் 500ஐயும் நிரப்பிவிடுவேன், அது போதாதென்று விவரத்தின் அடியிலும் அதே வார்த்தைகளை வரிசையாக ஒட்டிவிடுவேன். பெரிய சேனல்களின் பெயரையும் சேர்த்துக்கொண்டால் அவர்கள் வீடியோ பக்கத்தில் நம்முடையது வரும். உரையில் இதைச் சொல்லுங்கள் அண்ணே, பசங்களுக்கு உடனே பயன்படும்.

---

ஈரக்கை

மாப்பிள்ளை, 500 என்ற கணக்கு சரி. மற்றது பழைய கதை. டேக்குக்கு இப்போது வேலை ரொம்பக் குறைவு என்று யூடியூபின் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆட்கள் அடிக்கடி எழுத்துப் பிழையோடு தேடும் சொல்லாக இருந்தால் உதவும், அவ்வளவுதான். டேக் வார்த்தைகளை விவரத்தில் மூட்டையாகக் கொட்டுவது அவர்கள் விதிக்கே எதிரானது. பெரிய சேனல் பெயரைப் போடுவது இன்னும் மோசம், அந்த ஆள் உங்கள் வீடியோவில் இல்லவே இல்லையே. உங்களுக்கு வியூஸ் வருகிறது என்றால் அது டேக்கால் இல்லை, டிராக்டர் கியர் பாக்ஸை நீங்கள் கழற்றிக் காட்டும் அழகால். நான் பார்த்திருக்கிறேன்.

---

நூல்கண்டு

திருவாரூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். விவசாயம் தெரியாது, தையல் சேனல். ஆனால் என் கதை உங்கள் உரைக்கு ஆகும் என்று தோன்றுகிறது.

முதல் வருடம் "ஈஸியா பிளவுஸ் தைக்கலாம் வாங்க" என்றே 30 வீடியோவுக்குத் தலைப்பு. எல்லாம் 200, 300 வியூஸ். அப்புறம் ஒரு நாள் ஸ்டுடியோ ஆப்பில் துழாவியபோது, ஆட்கள் எந்தச் சொல்லைத் தேடி என் வீடியோவுக்கு வந்தார்கள் என்ற பட்டியல் கண்ணில் பட்டது. பெரும்பாலும் அளவு! "38 சைஸ் பிளவுஸ் கட்டிங்", "36 இன்ச் லைனிங் பிளவுஸ்". வீடியோவில் நான் 38 என்று வாயால் சொன்னேனே தவிர எழுத்தில் எங்குமே போடவில்லை. பழைய வீடியோ தலைப்புகளில் அளவைச் சேர்த்தேன், சேர்க்கச் சேர்க்க ஆள் வந்தார்கள். வீடியோவை அழித்து மறுபடி ஏற்ற வேண்டியதில்லை, தலைப்பை மட்டும் மாற்றலாம், பழைய வியூஸ் அப்படியே இருக்கும். இது தெரியாமல் நான் நான்கை அழித்துத் தொலைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வெட்கம்தான். "5 நிமிடத்தில் பிளவுஸ்" என்று ஒன்று போட்டேன். வீடியோதான் 5 நிமிடம், தைக்க எனக்கே 40 நிமிடம் ஆகும். கூட்டம் வந்தது. கமெண்டில் கிழித்துவிட்டார்கள். "அக்கா நீங்க மந்திரம் போடுறீங்களா" என்று ஒரு பெண் கேட்டது இன்னும் மறக்கவில்லை. எவ்வளவு பேர் எந்த நொடி வரை பார்த்தார்கள் என்று ஒரு கோடு காட்டுவார்களே, அது 20 நொடியில் கிணற்றில் விழுந்தது போல இறங்கியிருந்தது.

---

கருப்பட்டி_காபி

நேர்மையான தலைப்பு என்று பேசுவதால் கேட்கிறேன். என் வீடியோ தலைப்பை ஒருத்தன் அப்படியே எடுத்துத் தன் வீடியோவுக்கு வைத்துக்கொண்டான். இதற்கு ஸ்ட்ரைக் கொடுக்க முடியுமா? இதையும் பட்டறையில் சேருங்கள்.

---

வாய்க்கால்மேடு

அண்ணே, பேசிக்கொண்டிருப்பது வேறு நேர்மை. ஒரு வரித் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது. வீடியோவையே எடுத்துப் போட்டிருந்தால் கேட்கலாம். இதற்குத் தனி இழை போடுங்கள்.

மற்றவர்களுக்கு நன்றி. பாய்மரத்தைக் கிழித்தாகிவிட்டது. இப்போது ஒரு உண்மையான கேஸ். வருகிறவர்களில் ஒரு பையன், தென்னந்தோப்பு வீடியோ போடுகிறவன், தன் வீடியோவை மேடையில் வைத்துப் பேச ஒத்துக்கொண்டான். தலைப்பு இது:

"தென்னை விவசாயிகளே உஷார்!! 😱 அதிசய மருந்து 100% ரிசல்ட்"

9 நிமிடம் 40 நொடி. இரண்டு மாதத்தில் 212 வியூஸ். விவரப் பெட்டியில் "லைக் ஷேர் சப்ஸ்கிரைப்" மட்டும். வீடியோவில் இருப்பது: முதல் இரண்டு நிமிடம் தோப்பில் நடை. 2:10இல் ஓலை முழுக்கக் கரி பூசிய மாதிரி கருப்பு. 4:05இல் மைதா பசை காய்ச்சுகிறான், லிட்டருக்கு 25 கிராம். 6:20இல் 12 மரத்துக்குத் தெளிக்கிறார்கள். 8:00இல் பத்தாம் நாள் அதே ஓலை, கருப்பு செதில் செதிலாக உரிந்து பச்சை தெரிகிறது. நல்ல வீடியோதான். இதற்கு என்ன தலைப்பு வைக்கலாம்?

---

ஈரக்கை

இந்த வீடியோவை வைத்தே முழு உரையையும் ஓட்டலாம். பொய் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பையன் பொய் சொல்ல நினைக்கவே இல்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறான். ஆனால் "மருந்து" என்கிற சொல் பொய்.

அது சுருள் வெள்ளை ஈ. 2016இல் உங்கள் பொள்ளாச்சிப் பக்கம்தான் நம் நாட்டில் முதலில் கண்ணில் பட்டது. ஓலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அது கழிக்கும் தேன் மாதிரியான பிசின் கீழ் மட்டைகளின் மேல்பக்கம் சொட்டும். அந்த இனிப்பில் கரும்பூசணம் வளரும். பையன் காட்டும் கருப்பு இந்தப் பூசணம். மைதா பசை காய்ந்து உரியும்போது பூசணத்தையும் கூடவே உரித்துக்கொண்டு விழும், ஓலைக்கு வெயில் கிடைக்கும். வேளாண் பல்கலைக்கழகமும் இதே 25 கிராம் கணக்கைத்தான் சொல்கிறது. ஆனால் ஈ சாகாது. ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி, ஒட்டுண்ணிக் குளவி என்று வேறு வழி. பூச்சிக்கொல்லி அடித்தால் அந்தக் குளவியும் செத்துப்போகும் என்பதால் அடிக்க வேண்டாம் என்கிறார்கள்.

"அதிசய மருந்து 100%" என்று படித்த விவசாயி மைதாவைத் தெளித்துவிட்டு ஈ போய்விட்டது என்று சும்மா இருப்பார். மூன்று வாரத்தில் மறுபடி கருப்பு. தலைப்புப் பொய்யால் ஒரு தோப்புக்கு வந்த நஷ்டம் அது. பொய் சொன்னால் பாவம் என்று மேடையில் பேசாதீர்கள், இந்தத் தோப்பைச் சொல்லுங்கள்.

அடுத்தது தேடல். இந்தத் தலைப்பில் "தென்னை" தவிர யாரும் தேடும் சொல் ஒன்றும் இல்லை. "உஷார்" என்று தேடுகிறவர் உண்டா? "வெள்ளை ஈ" என்று வைக்கலாமா என்றால், பெயர் தெரிந்தவர் தேடுவார். தெரியாதவர் "தென்னை ஓலை கருப்பு" என்றுதான் அடிப்பார். யூடியூப் தேடல் பெட்டியில் "தென்னை ஓலை" வரை டைப் செய்து நிறுத்துங்கள், கீழே என்னென்ன வருகிறது என்று பசங்களோடு சேர்ந்து பாருங்கள். அது மற்றவர்கள் தேடியதிலிருந்து வருவது. கூகுள் ட்ரெண்ட்ஸிலும் யூடியூப் தேடலை மட்டும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது, ஆனால் இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அதில் பெரும்பாலும் வெறும் கோடுதான் வரும், நேரம் விரயம்.

என் தலைப்பு: "தென்னை ஓலையில் கருப்பு படிவது ஏன்? மைதா பசை தெளித்துப் பார்த்தோம்"

தேடும் சொல் முன்னால் இருக்கிறது. போனில் தலைப்பின் வால் வெட்டுப்படும், "மைதா" வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை. பெட்டி ஓரத்தில் எண்ணிக்கை 65/100 என்று காட்டும். தமிழில் இது ஒரு தொல்லை. "தென்னை" நமக்கு மூன்று எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஆறு. கொம்பு, புள்ளி, விசிறி எல்லாம் தனித்தனியாக எண்ணும். அதனால் 100 என்றால் நம் கணக்கில் 60 சொச்சம் என்று சொல்லிவையுங்கள்.

---

திண்ணைவாத்தியார்

ஒரு சிறு திருத்தம். நிறத்தைக் குறிக்கும்போது "கறுப்பு" என்பதே சரி என்பது நான் முப்பது ஆண்டு வகுப்பில் சொன்ன பாடம். பயிற்சியில் பிழையான வடிவத்தை மேடையிலேயே எழுதிக்காட்டப் போகிறீர்களா?

---

ஈரக்கை

ஐயா, உங்களோடு இலக்கணத்தில் மோத நான் வரவில்லை. ஆனால் மரத்தடியில் நின்று போனில் தேடுகிற ஆள் பெரும்பாலும் "கருப்பு" என்றுதான் அடிக்கிறார், பேசித் தேடினாலும் போன் அப்படித்தான் எழுதிக்கொள்கிறது. தலைப்பில் கருப்பு, விவரத்தில் ஒரு வாக்கியத்தில் கறுப்பு என்று இரண்டையும் வைத்துவிட்டால் ஆயிற்று. மாப்பிள்ளை, உங்கள் டேக் பெட்டிக்கும் இங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டது: கறுப்பு, கருப்பு, `karuppu`. மூன்றே மூன்று.

---

திண்ணைவாத்தியார்

விவரத்திலாவது வருகிறதே. தலைப்பில் பிழையை நான் ஒப்புக்கொண்டதாகக் கொள்ள வேண்டாம்.

---

பனங்கூடல்

யாழ்ப்பாணத்தில இருந்து. எங்கட பக்கமும் தென்னைக்கு இதே கரைச்சல்தான். ஆனா இஞ்ச "வெண் ஈ" எண்டுதான் சொல்லுவினம். "வெள்ளை ஈ" எண்டு தேடி வாற ஆள் இஞ்ச குறைவு. உங்கட பொடியன் விவரத்தில "வெண் ஈ" எண்ட சொல்லையும் ஒருக்கா எழுதினால் எங்களுக்கும் அகப்படும். மைதா என்ன விகிதம் எண்டதையும் எழுத்தில போடச் சொல்லுங்கோ. வீடியோவில சொல்லுறது காத்துச் சத்தத்தில விளங்கிறேல்ல.

---

டெக்மாப்ள

எல்லாம் சரி, யாராவது உண்மையைச் சொல்லுங்கள். "உஷார்" தலைப்புக்குத்தான் ஆட்கள் கிளிக் செய்கிறார்கள். "மைதா பசை தெளித்துப் பார்த்தோம்" என்றால் என் அம்மாகூட கிளிக் செய்ய மாட்டார். பசங்களுக்கு 1000 சப்ஸ்கிரைபரும் 4000 மணி நேரமும் வேண்டும், அப்போதுதான் விளம்பரக் காசு. நேர்மையாகத் தலைப்பு வைத்து 200 வியூஸ் வாங்கச் சொல்லிக்கொடுத்தால் மத்தியானச் சாப்பாட்டோடு எழுந்து போய்விடுவார்கள்.

---

நூல்கண்டு

பொய்த் தலைப்புக்கும் 212தானே வந்திருக்கிறது தம்பி?

---

ஈரக்கை

நூல்கண்டு சொன்னது போதும், இருந்தாலும் மாப்பிள்ளை கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. அதை மேடையில் மறைக்க வேண்டாம். யூடியூபைத் திறந்ததும் முகப்பில் தானாக வருவது ஒரு வழி, தேடி வருவது இன்னொரு வழி. முகப்பில் வரும்போது ஆள் எதையும் கேட்கவில்லை, சும்மா விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறார். அங்கே உப்புச் சப்பில்லாத தலைப்பு எடுபடாது என்பது உண்மை. தேடி வருகிறவர் தன் பிரச்சினையோடு வருகிறார், தன் வார்த்தையைப் பார்த்தால் கிளிக் செய்வார். 300 பேர் இருக்கும் கிராமத்துச் சேனலை முகப்பில் தூக்கிவிட யூடியூபுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. இந்தப் பசங்களுக்கு முதலில் திறக்கும் கதவு தேடல்தான். வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வரும். ஈ வரும் பருவத்தில் கூடும்.

இன்னொன்று, கிளிக் செய்தபின் பார்க்க வேண்டுமே. முதல் அரை நிமிடத்துக்கு அப்புறம் எத்தனை சதவீதம் பேர் நிற்கிறார்கள் என்று ஸ்டுடியோவில் தெரியும். தலைப்பில் சொன்னது உடனே வரவில்லை என்றால் போய்விடுவார்கள். பையன் இரண்டு நிமிடம் தோப்பில் நடக்கிறான், அதை வெட்டச் சொல்லுங்கள். சரியான தலைப்பு வைத்தாலும் அந்த நடை ஆளைத் துரத்திவிடும்.

செய்தி மாதிரிப் போடுகிறவர்கள் இருந்தால் ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லுங்கள். தேர்வு ரிசல்ட் வருமுன்பே "ரிசல்ட் வந்தாச்சு" போடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறதே. வீடியோவில் இல்லாததைத் தலைப்பில் சொல்லி ஏமாற்றுவது ஏற்கெனவே விதிமீறல்தான். 2024 டிசம்பரில் இந்தியாவுக்கென்றே, செய்தி, நடப்பு விஷயங்களில் இதை இறுக்கப்போவதாக அறிவித்தார்கள். ஆரம்பத்தில் ஸ்ட்ரைக் இல்லாமல் வீடியோவை நீக்குவோம் என்றார்கள். ஆனால் இதை வைத்துப் பயமுறுத்தி உரையை நடத்தாதீர்கள். தோப்பு வீடியோவை யாரும் நீக்கப்போவதில்லை என்று பசங்களுக்கே தெரியும்.

---

டெக்மாப்ள

சரி, அப்படியென்றால் தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிட்டால்? "தென்னை ஓலை கருப்பு: மைதாவில் கரி போச்சு, ஈ போகல". இது உண்மையும்கூட, கொஞ்சம் இழுக்கவும் செய்கிறது. அக்காவின் "தெளித்துப் பார்த்தோம்" என்ன ஆச்சு என்பதை ஒளித்துவைக்கிறது. அதுவும் ஒரு மாதிரி தூண்டில்தானே?

---

ஈரக்கை

அட. இதற்கு என்னிடம் பதில் இல்லை. முடிவைத் தலைப்பில் சொன்னால் வீடியோவைப் பார்க்காமலே போவார்கள் என்று நான் பயப்படுவேன். "ஈ போகல" என்று படித்தபின் மேலும் பார்க்கத் தோன்றும் என்பது உங்கள் வாதம். உங்களுடையது என்னுடையதைவிட நேர்மையானது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

---

வாய்க்கால்மேடு

இரண்டு தலைப்பையும் பலகையில் எழுதிப் பசங்களையே கேட்கிறேன். விவரப் பெட்டிக்கு நான் எழுதிப் பார்த்தது இது, சரியா?

கீழ் மட்டை ஓலைகளில் கரி பூசியதுபோல் கருப்பு படிந்த 12 தென்னை மரங்களுக்கு மைதா பசை தெளித்தோம், லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம். பத்தாம் நாள் கருப்பு உரிந்தது, ஆனால் வெள்ளை ஈ (வெண் ஈ) சாகவில்லை.
இந்தக் கறுப்பு நிறம் ஈ கழிக்கும் பிசினில் வளரும் பூசணம். இடம்: ஆனைமலை அருகே.
00:00 ஓலை எப்படி இருக்கிறது
01:55 மைதா பசை காய்ச்சும் அளவு
04:10 தெளிக்கும் விதம்
05:50 பத்தாம் நாள் ஓலை

நேரங்கள் அந்த நடையை வெட்டினால் வரப்போகிற உத்தேசக் கணக்கு.

---

ஈரக்கை

இதைத்தான் எதிர்பார்த்தேன். முதல் இரண்டு வரிதான் மடிப்பைத் திறக்காமலே தெரியும், அதில் அளவும் குறையும் வந்துவிட்டது. நேரப் பட்டியல் 00:00இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்குக் குறையக் கூடாது. உங்களுடையது தேறும். ஆனால் வெட்டியபின் மறுபடி நேரம் பார்த்து எழுதுங்கள், உத்தேசத்தை அப்படியே விட்டால் பத்தாம் நாள் என்று தட்டுகிறவர் சட்டியில் போய் விழுவார்.

இன்னொன்று. ஸ்டுடியோவில் வெட்டினால் அதே வீடியோ, அதே லிங்க். வெளியே எடிட் செய்து மறுபடி ஏற்றினால் புது வீடியோ, 212 போய்விடும். போனால் போகட்டும் என்றாலும் பையனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சந்தேகம். அந்தப் பத்து நாளில் மழை பெய்ததா?

---

வாய்க்கால்மேடு

கேட்கவில்லையே. ஏன்?

---

ஈரக்கை

நல்ல மழை அடித்தால் கரும்பூசணம் தானாகவும் கழுவிப் போகும், ஈயும் குறையும். வீடியோவில் தெளிக்காத மரம் எதையாவது பத்தாம் நாள் காட்டினானா என்று பாருங்கள்.

---

வாய்க்கால்மேடு (திங்கள்கிழமை)

பயிற்சி முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

கருப்பு படிந்த ஓலையைத் தூக்கிக் காட்டித் தேடச் சொன்னேன். 21 தாள் வந்தது, இரண்டு பேர் நெட் இல்லை என்றார்கள். "வெள்ளை ஈ" என்று ஐந்து பேர் எழுதியிருந்தார்கள், இது தென்னை ஊர் அல்லவா, அக்கா ஊரைவிட இங்கே பெயர் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. மீதி எல்லாம் கருப்பு, கரி, அழுக்கு. ஒரு பெண் "தென்னை மட்டை மசி" என்று எழுதியிருந்தாள், அந்தச் சொல் எனக்குத் தோன்றியே இருக்காது. ஆங்கில எழுத்தில் அடித்தவர்கள் பாதிக்கு மேல். அதில் `thennai` என்று ஒரு கூட்டம், `thenna` என்று ஒரு கூட்டம், `coconut tree black` என்று ஒரு கூட்டம். தலைப்பில் ஆங்கில எழுத்தையும் கலக்க வேண்டுமா என்று அரை மணி நேரம் சண்டை. முடியவில்லை.

அப்புறம் பையனின் வீடியோ. இரண்டு தலைப்பையும் எழுதினேன். "ஈ போகல" தலைப்புக்கு 14 கை, அக்காவுடையதற்கு 6, மற்றவர்கள் கை தூக்கவில்லை. மாப்பிள்ளைக்கு வாழ்த்து.

நான் மழையைக் கேட்டேன். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆறாம் நாள் ராத்திரி நல்ல மழை என்றான். தெளிக்காத மரத்தை எடுக்கவில்லை. ரூமே கப்சிப். அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "அப்ப கரி போனது மைதாவாலயா மழையாலயா?" என்றான். பலகையில் எழுதிய இரண்டு தலைப்பும் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டன.

---

டெக்மாப்ள

ஐயோ. என் தலைப்பு பொய்யாகிவிட்டதா?

---

ஈரக்கை

பொய் என்று சொல்ல முடியாது, நிரூபிக்கவில்லை. என்னுடைய "தெளித்துப் பார்த்தோம்" இன்னும் நிற்கும், விவரத்தில் "ஆறாம் நாள் மழை பெய்தது, தெளிக்காத மரத்தோடு ஒப்பிடவில்லை" என்று ஒரு வரி சேர்த்தால். செதில் செதிலாக உரிந்தது என்பது பசையின் வேலை மாதிரித்தான் தெரிகிறது, மழை மட்டும் என்றால் கழுவிய மாதிரி இருக்கும். ஆனால் அது என் ஊகம், தலைப்பில் ஏற்ற முடியாது. பையன் என்ன சொல்கிறான்?

---

வாய்க்கால்மேடு

"அதிசய மருந்து 100%" என்பதை நேற்று ராத்திரியே எடுத்துவிட்டான். இப்போதைக்கு "தென்னை ஓலையில் கருப்பு, மைதா பசை தெளித்த வீடியோ" என்று மொட்டையாக வைத்திருக்கிறான். வடக்கு வரிசையில் இன்னும் கருப்பு படிந்த மரங்கள் இருக்கின்றன. இந்த வாரம் ஆறு மரத்துக்குத் தெளித்து, ஆறை விட்டுவைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எடுக்கப் போகிறான். மழை வந்தால் தேதியோடு குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.